தள்ளு எவ்வளவு, வட்டி எவ்வளவு?

திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துபவனுக்குச் சனிக்கிழமை என்றால் சம்பளம். டெய்லர், கைமடி, செக்கிங் என எல்லோர் கைக்கும் அன்று மாலைக்குள் பணம் போயாக வேண்டும். தைத்துக் கொடுத்த பீஸுக்குப் பார்ட்டி பணம் தருவதோ 60 நாளிலோ 90 நாளிலோதான். இந்த இடைவெளியை நிரப்பத்தான் இங்கே பாதிப் பேர் ஏலச்சீட்டில் இருக்கிறார்கள். நானும் பல வருடமாக இருக்கிறேன். சீட்டு நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றுதான் திருப்பிக் கேட்பேன். எத்தனையாவது மாதம் எடுக்கப் போகிறீர்கள்?

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 5 லட்சம் ரூபாய் சீட்டு. 20 பேர், 20 மாதம், தவணை 25,000. நடத்துபவருக்குக் கமிஷன் 5 சதவீதம், அதாவது மாதம் 25,000. மூன்றாவது மாதம் நீங்கள் 1,50,000 தள்ளி எடுக்கிறீர்கள். கையில் வருவது 3,50,000. தள்ளிய பணத்தில் கமிஷன் போக மிச்சம் 1,25,000. அதை 20 பேருக்கும் பிரித்தால் தலைக்கு 6,250 கழிவு. ஆக, அந்த மாதம் ஆளுக்கு 18,750 கட்டினால் போதும்.

முதல் மூன்று மாதமும் தள்ளு இதே அளவு போனது என்றும், நான்காவது மாதம் 1,45,000-இல் தொடங்கி மாதம் 7,500 வீதம் இறங்கிக் கடைசி மாதம் வெறும் கமிஷனில் வந்து நின்றது என்றும் வைத்துக்கொள்வோம். நிஜத்தில் இவ்வளவு ஒழுங்காக இறங்காது, ஏறி இறங்கித்தான் போகும். ஆனாலும் போக்கு இதுதான். இப்படிப் பார்த்தால் 20 மாதத்தில் ஒவ்வொருவரும் கட்டும் மொத்தம் 4,30,250. மூன்றாவது மாதம் எடுத்தவரும் இருபதாவது மாதம் எடுத்தவரும் கட்டுவது ஒரே தொகைதான். கைக்கு வருவதுதான் வேறு. உங்களுக்கு 3,50,000, கடைசி ஆளுக்கு 4,75,000.

உங்களுக்குச் செலவு 80,250 ரூபாய். இங்கேதான் பலரும் கணக்கைச் சீக்கிரமாக முடித்துவிடுகிறார்கள். "மூன்றரை லட்சத்துக்கு எண்பதாயிரம், பதினேழு மாசம், நூத்துக்கு ஒண்ணே முக்கால் கூட வரல" என்பார்கள். வகுத்துப் பார்த்தால் மாதம் 1.35 வட்டி போலத்தான் தெரியும். அதில் இரண்டு விஷயம் விட்டுப்போகிறது. மூன்றரை லட்சத்தில் 56,250 நீங்களே மூன்று தவணையாகப் போட்ட பணம். உண்மையில் வாங்கிய கடன் 2,93,750தான். அதோடு, மாதாமாதம் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால் அந்தக் கடனும் 17 மாதம் முழுவதும் உங்கள் கையில் இருப்பதில்லை.

எக்செல் தெரிந்த பையன் ஒருவன் இருந்தால் ஐந்து நிமிட வேலை. A1 கட்டத்தில் 293750. அதற்குக் கீழே 17 கட்டத்திலும் கட்டப்போகும் தவணைகளைக் கழித்தல் குறியோடு போடவேண்டும்: -19000, -19375 என்று தொடங்கிக் கடைசியில் -25000. பிறகு =IRR(A1:A18) என்று கொடுத்தால் மாதம் ஏறக்குறைய 2.7 சதவீதம் என்று வரும். நினைத்ததைப் போல இரண்டு மடங்கு. கிட்டத்தட்ட மூணு வட்டிப் பணம் இது. தெரிந்தே எடுத்தால் தப்பில்லை.

அந்தத் தவணைகளின் ஓட்டத்தையும் கவனியுங்கள். எடுத்த மறுமாதம் 19,000, கடைசி மாதம் 25,000. கழிவு குறையக் குறையக் கட்டுவது ஏறும். கையில் பணம் இருக்கும்போது தவணை லேசாகவும், பணம் கரைந்த பிறகு பாரமாகவும் இருக்கும். அதனால் முன்கூட்டியே எடுக்கும் சீட்டை, மாதாமாதம் வருமானம் தரும் ஒன்றில்தான் போடவேண்டும் என்பது என் கணிப்பு. ஓவர்லாக் மிஷின் வாங்கினால் அது அடுத்த வாரமே தைக்கும். பழைய பாக்கியை அடைக்கச் சீட்டு எடுத்தால் 17 மாதம் தவணை கட்ட வேறு வழி தேட வேண்டும்.

இதே சீட்டைப் பன்னிரண்டாவது மாதம் எடுத்தால் கணக்கே வேறு. தள்ளு 85,000, கைக்கு 4,15,000. அதுவரை நீங்கள் கட்டியிருப்பது 2,40,750. ஆகக் கடன் 1,74,250 மட்டும். மிச்சம் கட்ட வேண்டியது 1,89,500. பாதி சேமிப்பு, பாதி கடன். தொழிலுக்குச் சீட்டு என்றால் எனக்குப் பிடித்த இடம் இந்த நடுப்பகுதிதான்.

எந்த மாதம் என்பதைப் போலவே எந்தப் பருவம் என்பதும் முக்கியம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் எங்கள் ஊரில் போனஸ் காலம். எல்லா யூனிட்காரனுக்கும் ஒரே நேரத்தில் பணம் வேண்டும். சீட்டு ஆபீஸில் பத்துக்குப் பத்து அறையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சு, ஒண்ணு என்று ஆயிரங்களிலும் லட்சத்திலும் குரல் ஏறும். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சொல்லி முடிப்பதற்குள் யாராவது இன்னொரு ஐந்தாயிரத்தைப் போடுவார்கள். பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டும் ஜூன் மாதமும் அப்படித்தான். நான் வீட்டிலிருந்து கிளம்பும்போதே என் எல்லையைப் பாஸ்புக்கின் பின்னட்டையில் பென்சிலால் எழுதிக்கொண்டு போவேன். அதைத் தாண்டினால் கேட்பதில்லை. பொங்கல் முடிந்த மாதங்களில் தள்ளு தானாக இறங்குவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். போனஸுக்குப் பணம் வேண்டும் என்றால் ஆடியிலேயே எடுத்து வைத்துக்கொள்வது மலிவு.

ஏலம் எடுத்த மறுநாளே பணம் வந்துவிடும் என்று பார்ட்டியிடமோ நூல் கடையிலோ வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பதிவு பெற்ற கம்பெனியில் ஜாமீன் கேட்பார்கள். சம்பளச் சான்று உள்ளவர்கள் இருவர் மூவர், அல்லது சொத்துப் பத்திரம். ஜாமீன் போட வருகிறவரின் வேறு கடன்களையும் பார்ப்பார்கள். இதற்கே சில வாரம் ஓடிவிடும். சீட்டில் சேரும் அன்றே ஜாமீன் விதிகளை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆளையும் பேசி வைத்துவிடுவது நல்லது. பதிவில்லாத சீட்டில் ஒரு புரோநோட்டு, இரண்டு வெற்றுச் செக் என்று இரண்டே நாளில் பணம் வந்துவிடும். அந்த வேகத்துக்காகத்தான் ஆட்கள் அங்கே போகிறார்கள்.

பதிவு என்ற சொல்லிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "எங்க கம்பெனி ரிஜிஸ்டர் ஆனதுங்க" என்று சொல்வது போதாது. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக் குழுவுக்கும் தனியாக முன் அனுமதியும் பதிவும் வேண்டும். தமிழ்நாட்டில் இது பதிவுத்துறையின் வேலை. சீட்டு நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணையம் கட்டித் தொடக்கச் சான்று வாங்க வேண்டும். நீங்கள் சேரும் குழுவின் எண்ணைச் சொல்லி அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சீட்டு ஒப்பந்தத்தின் நகலும் உங்கள் கைக்கு வரவேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம் என்பதால் அதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தவணை தவறினால் என்ன என்பதையும் படியுங்கள். சீட்டு எடுத்தவர் தவணை தவறினால், மிச்சத் தவணை முழுவதையும் ஒரே தடவையில் கேட்கச் சட்டம் இடம் தருகிறது.

சீட்டு நடத்துபவர் தடுமாறுகிறார் என்பது முன்னாலேயே தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவர் நடத்திய சீட்டில், ஏலம் எடுத்தவருக்குப் பணம் பத்து நாளில் வந்தது, பிறகு மாதமாயிற்று. அப்புறம் ஒரு நாள், எடுத்தவரிடம், "இப்போ என்ன அவசரம், என்கிட்டயே இருக்கட்டும், ரெண்டு வட்டி போட்டுத் தர்றேனுங்க" என்றார். மூன்றாம் மனிதருடைய சீட்டுப் பணத்தை வட்டிக்குக் கேட்பவரிடம் சொந்தப் பணம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதே மாதத்தில் அவர் புதிதாக இரண்டு குழு தொடங்கியிருந்தார். பழைய ஓட்டையைப் புதுச் சீட்டின் முதல் தவணைகளால் அடைத்துக்கொண்டிருந்தார். முதல் சில மாதம் சீட்டை எடுத்தது யார் யார் என்று கேட்டால் யாருக்கும் முகம் தெரியவில்லை. இவையெல்லாம் சேர்ந்து வந்தால் அடுத்த தவணையைக் கட்டுவதற்கு முன் உறுப்பினர்கள் கூடிப் பேச வேண்டும். பதிவு பெற்ற சீட்டு என்றால் தகராறைச் சீட்டுப் பதிவாளரிடம் கொண்டு போகலாம். அந்தச் சீட்டு பதிவாகாதது. ஆகவே போலீஸ் ஸ்டேஷன் வாசலில்தான் நிற்க வேண்டியதாயிற்று.

சீட்டு கைக்கு வராத வாரங்களில் தண்டல்காரர் கண்ணில் படுவார். 10,000 என்று எழுதி 8,500 கொடுப்பார். நாளைக்கு 100 ரூபாய், 100 நாள். பார்ப்பதற்கு 1,500 ரூபாய்தான். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைவதால் இது மாதம் 10 வட்டிக்குச் சமம். காய்கறி வண்டிக்காரர் காலையில் வாங்கி மாலையில் விற்றுக் கட்டிவிடுவார். 60 நாள் கழித்துப் பணம் பார்க்கும் என் போன்ற ஆளுக்குத் தினத்தண்டல் ஒத்தே வராது. முதல் தண்டலைக் கட்ட இரண்டாவது தண்டல் எடுத்த அன்றே தொழிலின் லாபம் தண்டல்காரருக்குப் போகத் தொடங்கிவிடுகிறது. மீட்டர் வட்டி, ரன் வட்டி எல்லாம் இதைவிட மோசம். 2003இல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. மிரட்டல் வந்தால் புகார் கொடுக்க அது இருக்கிறது. ஆனால் புகாருக்குச் சாட்சி வேண்டும். ஆகவே எந்தத் தவணையையும் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் கார்டில் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வெற்றுச் செக் கேட்டால் தொகையை எழுதித்தான் கொடுப்பேன் என்று நில்லுங்கள். செக் எண்களைக் குறித்து ஒரு ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணை கட்டும் அன்று செக்கையும் புரோநோட்டையும் மேசையில் வைத்த பிறகு பணத்தை எண்ணுங்கள். "ஃபைல் வேற ஆபீஸ்ல இருக்கு, நாளைக்கு வாங்க" என்றால் நாளைக்கே கட்டிக்கொள்ளலாம். ஜாமீன் போட்டவரையும் அன்று கூட அழைத்துப் போங்கள். அவர் கையெழுத்துப் போட்ட தாளும் அந்தக் கட்டில்தான் இருக்கும்.