எழுவாயைப் பார்த்துவிட்டு எழுது: 'உம் ட்சு'வும் 'டமிட்'டும்

தங்கச்சி, ஜெர்மன் வகுப்பில் பி1 நிலையை நெருங்கும்போது 'உம் … ட்சு', 'டமிட்' என்று இரண்டு வடிவங்கள் வரும். ஒரு வேலையை எதற்காகச் செய்கிறோம் என்று சொல்ல இரண்டுமே பயன்படும். பொருளில் வித்தியாசம் தேடி நேரத்தை வீணாக்காதே. வாக்கியத்தின் முதல் பாதியில் செய்கிறவர் யார், இரண்டாம் பாதியில் செய்கிறவர் யார் என்று மட்டும் பார். ஒரே ஆள் என்றால் 'உம் ட்சு'. வேறு வேறு ஆள் என்றால் 'டமிட்'.

விதி இவ்வளவுதான். ஆனாலும் நம் ஊர்ப் பிள்ளைகள் இதில் தொடர்ந்து தடுக்கி விழுகிறார்கள். காரணம் தமிழிலேயே இருக்கிறது. 'நான் தூங்க விளக்கை அணைத்தேன்' என்கிறோம். 'குழந்தை தூங்க விளக்கை அணைத்தேன்' என்றும் சொல்கிறோம். தூங்குகிறவர் மாறினாலும் 'தூங்க' மாறவில்லை. தமிழின் இந்த எச்சம் தனக்கென்று ஓர் எழுவாயை வைத்துக்கொள்ளும். ஜெர்மனில் 'உம் ட்சு' பகுதிக்குள் எழுவாய் வைக்க இடமே கிடையாது. முதல் பாதியின் எழுவாயையே அது இரவல் வாங்கிக்கொள்ளும்.

அதனால் 'இஷ் மாஹெ டாஸ் லிஷ்ட் அவுஸ், உம் ட்சு ஷ்லாஃபன்' என்றால் விளக்கை அணைத்ததும் நான், தூங்கப்போவதும் நான். குழந்தைக்காக அணைத்தாய் என்றால், 'இஷ் மாஹெ டாஸ் லிஷ்ட் அவுஸ், டமிட் டாஸ் கின்ட் ஷ்லேஃப்ட்.' இங்கே குழந்தை வந்துவிட்டது, அதற்கான வினைமுற்றும் கடைசியில் வந்துவிட்டது.

நர்ஸ் வேலைக்காக ஜெர்மன் படிக்கிறாய் என்றால் அடுத்த உதாரணத்தை மனதில் நன்றாகப் பதித்துக்கொள். படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டிக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க நீ அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறாய். தமிழில் நினைத்து அப்படியே எழுதினால் இப்படி வரும்: 'இஷ் ட்ரேயெ டீ பெவோனெரின், உம் கைனன் டெகூபிட்டுஸ் ட்சு பெகோமன்.' 'பெவோனெரின்' என்றால் இல்லத்தில் தங்கியிருக்கும் பெண்மணி. 'டெகூபிட்டுஸ்' படுக்கைப் புண். இலக்கணப்படி இந்த வாக்கியத்தில் எந்த எழுத்தும் தப்பு இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு என்ன புரியும் தெரியுமா? எனக்குப் படுக்கைப் புண் வந்துவிடக் கூடாது என்பதற்காக நான் அந்த அம்மாவைத் திருப்புகிறேன் என்று. ஏனென்றால் 'பெகோமன்' என்ற வினைக்கு, அதாவது 'வருவதற்கு', ஆள் தேடும்போது வாக்கியத்தில் கிடைப்பது 'இஷ்' மட்டும்தான்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. முதல் வழி, 'டமிட்' போட்டு அந்த அம்மாவை எழுவாயாக உள்ளே கொண்டுவருவது: 'டமிட் ஸீ கைனன் டெகூபிட்டுஸ் பெகோம்ட்.' இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது. 'உம் ட்சு'வை அப்படியே வைத்துக்கொண்டு வினையை மாற்றிவிடு: 'உம் ஐனன் டெகூபிட்டுஸ் ட்சு ஃபெர்மைடன்.' 'ஃபெர்மைடன்' என்றால் தவிர்ப்பது. புண் வருவது அவருக்கு, தவிர்ப்பது நான். திருப்புகிறவளும் தவிர்க்கிறவளும் ஒரே ஆள் ஆகிவிட்டதால் 'உம் ட்சு' சரியாகிவிடுகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில். நோக்கம் ஒன்றுதான், நோயாளியும் அவரேதான். நீ எந்த வினையை எடுக்கிறாய் என்பதைப் பொறுத்து எழுவாய் மாறியது, எழுவாயைப் பொறுத்து இணைப்புச் சொல் மாறியது. அதனால் எழுதும்போது முதலில் வினையைப் பிடி. பிறகு அதைச் செய்கிறவர் யார் என்று கேள். இணைப்புச் சொல் கடைசியாக வரட்டும். பலர் 'உம்' என்று முதலில் எழுதிவிட்டு, பாதி வழியில் ஆளை நுழைக்க இடம் தேடுகிறார்கள். 'உம் ஸீ' என்று தொடங்கி, 'ஸீ'யை எழுவாயாக நினைத்து எழுதிய வாக்கியத்தைப் பார்த்தால் அங்கே நடந்தது இதுதான்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். தலைமாட்டை உயர்த்தி வைக்கிறாய், நோயாளி நன்றாக மூச்சுவிட. மூச்சுவிடுகிறவர் அவர், அதனால் 'டமிட் டேர் பட்ஸியென்ட் பெஸர் ஆட்மன் கன்.' கடைசியில் இருக்கும் 'கன்' அவரால் முடியும் என்பதைக் காட்டுகிறது. அதையே 'அவர் மூச்சுவிடுவதை நான் எளிதாக்க' என்று மாற்றினால் வினை 'எர்லைஷ்டர்ன்', செய்கிறவள் நீ: 'உம் ஈம் டாஸ் ஆட்மன் ட்சு எர்லைஷ்டர்ன்.' வினையைப் புரட்டிப் புரட்டி இந்த மாதிரி ஜோடி ஜோடியாக எழுதிப் பழகினால், எழுவாய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண் தானாகப் பார்க்கும்.

சரி, எழுவாய் ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டது. 'உம் ட்சு' வாக்கியத்தை எப்படிக் கட்டுவது? முதலில் இரண்டு முழு வாக்கியங்களாக எழுதிக்கொள். 'நான் ஜெர்மன் படிக்கிறேன்', 'நான் ஜெர்மனியில் வேலை செய்ய விரும்புகிறேன்': இஷ் லெர்னெ டொய்ச், இஷ் வில் இன் டொய்ச்லன்ட் ஆர்பைட்டன். இரண்டாவதில் 'இஷ்' என்பதை அடித்துவிடு. 'வில்' என்பதையும் அடித்துவிடு. விருப்பம் என்ற பொருள் 'உம் ட்சு'வுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் 'வோலன்' இங்கே மறுபடி வேண்டாம். மிச்சமிருப்பதற்கு முன்னால் காற்புள்ளியும் 'உம்'மும் போட்டு, கடைசி வினைக்கு முன்னால் 'ட்சு' வை: 'இஷ் லெர்னெ டொய்ச், உம் இன் டொய்ச்லன்ட் ட்சு ஆர்பைட்டன்.' அந்தக் காற்புள்ளி கட்டாயம்.

பிரியும் வினை வந்தால் 'ட்சு' உள்ளே போய் உட்காரும். கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவதற்கு 'ஐன்கவ்ஃபன்' என்பார்கள். அது 'ஐன்ட்சுகவ்ஃபன்' ஆகும், எழுதும்போது ஒரே சொல்லாக, இடைவெளி இல்லாமல்.

'ஸிஷ்' வரும் வினைகளில் கவனமாக இரு. அகராதியில் 'ஸிஷ் அவுஸ்ரூயன்' என்று ஓய்வெடுப்பதற்குப் போட்டிருப்பதைப் பார்த்து, எல்லா இடத்திலும் 'உம் ஸிஷ் அவுஸ்ட்சுரூயன்' என்று எழுதிவிடாதே. ஓய்வெடுப்பது நான் என்றால் 'உம் மிஷ் அவுஸ்ட்சுரூயன்'. எழுவாய் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இந்தச் சின்னச் சொல்லில் தலைகாட்டும். எழுவாயை மறந்துவிட்டாயா இல்லையா என்று திருத்துகிறவர் கண்டுபிடிப்பதும் இங்கேதான்.

'டமிட்' பக்கம் வேலை குறைவு. 'டமிட்', பிறகு பெரும்பாலும் எழுவாய், மற்றவை, கடைசியில் காலமும் ஆளும் காட்டும் வினை. 'ட்சு' வராது. இங்கேயும் 'வோலன்' வேண்டாம், 'கொனன்' வரலாம்.

ஒரே ஆள் என்று ஏமாற வைக்கும் வாக்கியங்கள் சில உண்டு. 'வீடு வாங்க நான் பணம் சேர்க்கிறேன்' என்று எழுதுகிறாய். சேர்ப்பது நான், வாங்கப்போவது நாங்கள் இருவரும் என்றால் 'இஷ்' வேறு, 'வீர்' வேறு. 'டமிட் வீர்' என்றுதான் போக வேண்டும். அதேபோல, தலைவலி போக மாத்திரை போடுகிறாய். வலி உன் தலையில்தான் இருக்கிறது, ஆனால் போகிறது வலி, நீ அல்ல. ஆகவே 'இஷ் நேமெ ஐனெ டப்லெட்டெ, டமிட் டீ கோப்ஃப்ஷ்மெர்ட்ஸன் வெக்கேயன்.' வேண்டுகோள் வாக்கியத்திலும் எழுவாய் உண்டு: 'மணியடியுங்கள், நான் வருவதற்கு' என்பதில் அடிப்பவர் நோயாளி, வருகிறவள் நீ. அதுவும் 'டமிட்' தான்.

மருத்துவர் எனக்கு மாத்திரை தருகிறார், நான் நன்றாகத் தூங்க. இதில் 'எனக்கு' இருக்கிறதே, போதாதா என்று கேட்பாய். போதாது. 'உம் ட்சு' எழுவாயைத்தான் தேடும், 'எனக்கு' எழுவாய் அல்ல. 'உம் ட்சு' போட்டால் தூங்கப்போகிறவர் மருத்துவர் ஆகிவிடுவார். பேச்சில் ஜெர்மானியர்களே சில சமயம் இந்த எல்லையைத் தாண்டுவார்கள், முக்கியமாக 'அனுப்பு' என்ற பொருள் தரும் 'ஷிக்கன்' வினையோடு. 'பையனை ரொட்டி வாங்க அனுப்பினாள்' என்பதில் வாங்குவது பையன் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் 'உம் ட்சு' போட்டுச் சொன்னாலும் யாரும் குழம்புவதில்லை. நோயாளிக் குறிப்புகளில் செயப்பாட்டு வினை வரும்போதும் அப்படித்தான்: 'பாட்டி திருப்பிப் படுக்க வைக்கப்பட்டார், புண்ணைத் தவிர்க்க' என்றால் தவிர்ப்பவர் மறைந்திருக்கும் பராமரிப்பாளர். இவற்றைப் படிக்கும்போது புரிந்துகொள். தேர்வுத் தாளில் நீ எழுதும்போது 'ஷிக்கன்' வந்தால் 'டமிட்' போடு.

தேர்வு அறையில் குழப்பம் வந்தாலும் 'டமிட்' பக்கமே போ. ஒரே எழுவாயாக இருந்தாலும் 'டமிட்' இலக்கணப் பிழை ஆகாது. 'இஷ் லெர்னெ, டமிட் இஷ் டீ ப்ரூஃபுங் பெஷ்டேயெ' என்பது சரியான வாக்கியம்தான். ஒரே ஆள் இரண்டு முறை வருவதால் கொஞ்சம் இழுத்த மாதிரி இருக்கும், அவ்வளவே. மாறாக, வேறு எழுவாய் இருக்கும் இடத்தில் 'உம் ட்சு' போட்டால் பொருளே புரண்டுவிடும். நேரம் இருந்தால் கடைசி ஐந்து நிமிடத்தில் உன் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு 'உம்'மையும் வட்டமிட்டு, அதற்குரிய வினையின் கீழே யார் என்று பென்சிலால் எழுதிப் பார்.

இப்போதே மூன்று வாக்கியம் தருகிறேன், நீயே சொல். 'பஸ்ஸைப் பிடிக்க சீக்கிரம் எழுந்தேன்.' 'அப்பா கவலைப்படாமலிருக்க தினமும் போன் செய்கிறேன்.' 'அறை குளிராமலிருக்க ஜன்னலைச் சாத்தினேன்.' முதலாவது 'உம் ட்சு'. இரண்டாவதில் கவலைப்படுவது அப்பா, ஆகவே 'டமிட்'. மூன்றாவதில் குளிர்வது அறை, அதனால் 'டமிட்' தான். 'உம் ட்சு'வில் எழுத வேண்டுமென்றால் வினையை மாற்று: 'அறையைக் கதகதப்பாக வைத்திருக்க' என்று யோசித்தால் வைத்திருப்பவள் நீயே.