மழைக்காலத்திற்கு முன் சன்னலைப் பழுதுபார்க்கச் சொல்லுங்கள்

சிங்கப்பூரில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை அதிகமாகப் பெய்யும். நீங்கள் வாடகை வீட்டில் வசிக்கிறீர்களா? சன்னல் கம்பி ஆடினாலோ கொசுவலை கிழிந்திருந்தாலோ, வீட்டு உரிமையாளரிடம் நவம்பர் மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

முதலில் பாருங்கள்

வீட்டுக்குள் நின்றபடி கம்பியைக் கையால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அதன்மேல் சாயவோ நாற்காலியில் ஏறவோ வேண்டாம். கம்பி ஆடினால், அதைச் சுவரோடு பிடித்திருக்கும் திருகாணிகளைக் கவனியுங்கள். திருகாணி பிடிமானமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், சுவரில் உள்ள துளை பெரிதாகிவிட்டது என்று பொருள். அதே திருகாணியை மீண்டும் முடுக்கினால் சில வாரங்களில் மறுபடியும் தளர்ந்துவிடும்.

கொசுவலையின் ஓரங்களையும் பாருங்கள். வலை பெரும்பாலும் சட்டத்தின் மூலைகளில்தான் விட்டுப்போகும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அதனால் இரவில் மட்டும் சன்னலை மூடி வைப்பது போதாது.

எழுதிக் கேளுங்கள்

தொலைபேசியில் பேசினாலும், பிறகு ஒரு குறுஞ்செய்தியும் படங்களும் அனுப்புங்கள். எந்த அறை, என்ன பழுது, என்ன செய்ய வேண்டும், எப்போது வரலாம் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். எடுத்துக்காட்டாக:

“வணக்கம் ஐயா. படுக்கையறைச் சன்னல் கம்பியின் இடப்பக்கக் கீழ்த் திருகாணி இரண்டும் பிடிக்கவில்லை. சுவரில் புதிய பிளக் வைத்து, துருப்பிடிக்காத திருகாணி போட வேண்டும். சமையலறைக் கொசுவலை மூலையில் கிழிந்துள்ளது. சட்டம் நன்றாக இருக்கிறது. வலையை மட்டும் மாற்றினால் போதும். படங்கள் அனுப்பியுள்ளேன். நவம்பர் 20க்குள் ஆள் அனுப்ப முடியுமா? வார நாள்களில் காலையில் வீட்டில் இருப்பேன்.”

உரிமையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், பிள்ளைகளிடமோ அண்டை வீட்டாரிடமோ சொல்லி ஆங்கிலத்தில் எழுதச் செய்யுங்கள்.

செலவு யாருடையது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் பாருங்கள். சிறு பழுதுகளுக்குக் குறிப்பிட்ட தொகைவரை வாடகைதாரரே செலுத்த வேண்டும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படியானால், வேலை தொடங்குமுன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீவகவிடமிருந்து நேரடியாக வாடகைக்கு எடுத்திருந்தால், உங்கள் வீவக கிளையில் தெரிவியுங்கள்.

ஆள் வரும்வரை

ஆடும் கம்பியைக் கயிற்றால் கட்டிவைக்காதீர்கள். அது பலம் தராது. அந்தச் சன்னலை மூடித் தாழிடுங்கள். பேரப்பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். வலையின் கிழிசலை இருபுறமும் ஒட்டுநாடாவால் மூடலாம்.

வேலை முடிந்ததும்

ஆள் கிளம்புமுன் கம்பியை மீண்டும் இழுத்துப் பாருங்கள். சற்றும் அசையக்கூடாது. துருவின்மேல் சாயம் மட்டும் பூசியிருந்தால் வேலை முடியவில்லை. அதைப் படமெடுத்து உரிமையாளருக்கு அன்றே அனுப்புங்கள்.