விட்டுப்போன வாடிக்கை



பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் சரக்கு எடுப்பதை நிறுத்திவிட்டால், அவரைத் திரும்ப அழைக்க நம்மில் பலர் முதலில் செய்வது விலையைக் குறைப்பதுதான். பெரும்பாலும் அது பலிப்பதில்லை. ஏன் என்பதை ஓர் உதாரணம் கொண்டு ஆராய்வோம்.

பினாங்கிலுள்ள ஒரு மளிகை மொத்தக் கடை, நாசி கண்டார் கடை ஒன்றுக்கு வாரம் இரண்டு மூட்டை காய்ந்த மிளகாய் அனுப்பி வந்தது என்று வைத்துக்கொள்வோம். மூட்டை 25 கிலோ. இரண்டு வாரம் தொடர்ந்து போன நான்கு மூட்டைகளும் நமுத்திருந்தன. சாப்பாட்டுக் கடை முதலாளி ஆளனுப்பிச் சொன்னார். "மழைக்காலம் பாய், எல்லாக் கடையிலும் இப்படித்தான்" என்று பதில் போயிற்று. பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் சோம்பும் சீரகமும் நின்றன, பிறகு பருப்பு, ஒரு மாதத்தில் மிளகாயும் நின்றது.

ஆகவே முதல் வேலை, பற்றுவரவு ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டுவது. வாடிக்கை ஒரே நாளில் அறுவதில்லை. சிறு சரக்கு முதன்முதல் நின்ற வாரத்தைக் கண்டுபிடித்து, அதற்கு முந்திய வாரங்களில் என்ன நடந்தது என்று லோரிக்காரரிடமும் கணக்கப்பிள்ளையிடமும் விசாரிக்க வேண்டும். அதே வரத்தில் கிடங்கில் மீதமிருக்கும் மூட்டையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்த மிளகாயைக் குலுக்கினால் விதை சலசலக்கும், மடித்தால் முறியும். நமுத்தது துவளும், பிளந்தால் காம்போரத்தில் பூசணம் தெரியும்.

அடுத்தது கணக்கு. காய்ந்த மிளகாயில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈரம் இருக்கலாம். இருபது பங்கு இருந்தால் 25 கிலோ மூட்டையில் 5 கிலோ தண்ணீர். அதே மிளகாய் சரியாகக் காய்ந்திருந்தால் ஏறக்குறைய 22¼ கிலோதான் நிற்கும். ஆக மூட்டைக்கு 2¾ கிலோ தண்ணீரை மிளகாய் விலைக்கு விற்றாயிற்று. கிலோ 16 வெள்ளி என்றால் மூட்டைக்கு 44 வெள்ளி. நான்கு மூட்டைக்கு 176 வெள்ளி.

இந்தத் தொகையைத் தராமல், கிலோவுக்கு ஐம்பது காசு குறைக்கிறோம் என்று போனால் அவர் என்ன நினைப்பார்? முன்பு கூடுதலாக வாங்கினார்கள், இனி எடையில் பிடித்துக்கொள்வார்கள் என்றுதானே நினைப்பார்!

நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு வியாபாரியை விசாரித்த வரலாறு நாம் அறிந்ததே. மழையில் நனைந்ததாக அவர் சொன்ன காரணத்தோடு விஷயம் முடியவில்லை; மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அங்கே கிடைத்த பாடம். மழை பெய்தது குற்றமல்ல. ஈரத்தைச் சொல்லாமல் விற்றது குற்றம்.

போவதானால் முதலாளியே போக வேண்டும். மத்தியானக் கூட்டம் ஓய்ந்த வேளையில், ஆர்டர் புத்தகம் இல்லாமல் போக வேண்டும். "பாய், அன்று வந்த நான்கு மூட்டையிலும் ஈரம் இருந்தது. நீங்கள் சொன்னது சரி. எங்கள் கடையில் சொன்ன பதில் தவறு. இது உங்கள் பணம்" என்று 176 வெள்ளியைக் கொடுத்துவிட வேண்டும். அவரிடம் பழைய பாக்கி இருந்தாலும் அதில் கழிக்கக் கூடாது; அன்றைக்கு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அவர் கோபித்துப் பேசினால் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். நமக்குத் தெரியாத வேறு குறையும் அப்போதுதான் வெளிவரும்.

புதுத் தொடக்கத்தைச் சில நாள் கழித்துப் பேசலாம். ஒரே ஒரு மூட்டை, வழக்கமான விலை. அவர் முன்னிலையில் பிரித்து, முறித்துக் காட்டி, நிறுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் குறை கண்டால், கேள்வி கேட்காமல் லோரிக்காரர் திரும்ப எடுத்து வருவார் என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். லோரிக்காரருக்கும் அதைச் சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் திருப்பத்திலேயே வாக்குப் பொய்யாகும்.

இரண்டாவது மூட்டையை நாம் கேட்காமல் அவரே சொல்லி அனுப்பினால் வாடிக்கை திரும்பியது என்று கொள்ளலாம். முன்பு வாரம் இரண்டு எடுத்தவர் இப்போது ஒன்றுதான் எடுப்பார். இடையில் கைகொடுத்த கடைக்கு மற்றது போகும். அந்தக் கடையைக் குறை கூறக் கூடாது.

அரைத்த மசாலாவுக்கு மாறியவரும், சொந்தக்காரர் கடையில் வாங்கத் தொடங்கியவரும் திரும்புவது அரிது. ஆயினும் 176 வெள்ளி அவருக்குப் போக வேண்டியதே. அவர் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அந்தப் பணம் நம் கல்லாவில் தங்கக் கூடாதது.

வஸ்ஸலாம்.