பெயர் மாறினால் இணைப்பு எங்கே போகும்?

மாணவர்களே, நமது கெடா மாநிலத் தலைநகரின் பெயரை ரூமி எழுத்தில் எழுதிப் பாருங்கள். Alor Setar என்று எழுதியிருப்பீர்கள். உங்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டால், சிலர் Alor Star என்று எழுதுவார்கள். இரண்டும் அதிகாரப்பூர்வமாக இருந்த பெயர்கள்தாம். 2003 டிசம்பரில் மாநகரத் தகுதி பெற்றபோது Alor Star என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. 2009 ஜனவரியில் மீண்டும் Alor Setar ஆனது.

நமக்கு இது சிறிய வேறுபாடு. கணினிக்கு அப்படியில்லை. ஓர் எழுத்து கூடினாலும் அது வேறு சொல்தான். இதனால் என்ன கோளாறு வரும் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

உங்கள் குழு கெடாவின் மழை அளவைப் பற்றி ஒரு திட்டப்பணி செய்வதாக வைத்துக்கொள்வோம். தரவுகளைப் பவர் பிஐ போன்ற மென்பொருளில் ஏற்றி, ஓர் அறிக்கை தயாரிக்கிறீர்கள். முதல் பக்கத்தில் மாநிலம். மாவட்டத்தைச் சொடுக்கினால் அதன் ஊர்கள். ஊரைச் சொடுக்கினால் அந்த ஊரின் மழை அளவு. இப்படிப் படிப்படியாக உள்ளே செல்வதை ‘டிரில் டவுன்’ என்பார்கள். அடிக்கடி பார்க்கும் பக்கத்திற்கு நேராகப் போக, அதன் முகவரியைப் புக்மார்க் செய்து வைக்கிறீர்கள். அந்த முகவரியின் கடைசியில் இப்படி இருக்கும்:

```
?filter=Bandar/Nama eq 'Alor Star'
```

“Bandar என்ற அட்டவணையில், Nama என்ற பத்தியில், Alor Star என்று இருக்கும் வரிசைகளை மட்டும் காட்டு” என்பதே இதன் பொருள். புக்மார்க் அந்த ஊரை நினைவில் வைத்திருக்கவில்லை. ஒரு சொல்லை மட்டுமே வைத்திருக்கிறது.

அடுத்த மாதம் புதிய தரவு ஏற்றப்படுகிறது. அதில் பெயர் Alor Setar. புக்மார்க்கைத் திறந்தால் பக்கம் திறக்கும். ஆனால் வரைபடம் காலியாக இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஏனென்றால் கணினியைப் பொறுத்தவரை பிழையே இல்லை. தேடச் சொன்ன சொல் அட்டவணையில் இல்லை, எனவே காட்ட ஒன்றுமில்லை. பார்ப்பவரோ, “அந்த மாதம் மழையே பெய்யவில்லை போலும்” என்று நினைத்துவிடலாம்.

சரி, பெயரை நம்பாமல் எண்ணை நம்பலாமா? என் மாணவர்கள் ஒருமுறை அப்படித்தான் செய்தார்கள். கெடா மாவட்டங்களை அகர வரிசையில் அடுக்கி, 1 முதல் எண் கொடுத்தார்கள். அவர்கள் எடுத்த பழைய பட்டியலில் பதினொரு மாவட்டங்கள் இருந்தன. கடைசி மூன்று இவை: 9 Pendang, 10 Sik, 11 Yan. சிக் மாவட்டத்தின் பக்கத்திற்கு 10 என்ற எண்ணை வைத்து இணைப்பு அமைத்தார்கள்.

பிறகு புதிய பட்டியலை ஏற்றினார்கள். முன்பு கோத்தா ஸ்டார் மாவட்டத்தில் இருந்த பொக்கோக் சேனா, இப்போது தனி மாவட்டம். ஆகவே புதிய பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள். அகர வரிசையில் Pokok Sena என்பது Pendang-க்கும் Sik-க்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. மென்பொருள் ஒவ்வொரு முறையும் எண்களை மேலிருந்து புதிதாகப் போட்டதால், 10 இப்போது பொக்கோக் சேனா. சிக் 11 ஆகிவிட்டது.

சிக் என்று எழுதியிருந்த பொத்தானை அழுத்தினால் பொக்கோக் சேனாவின் எண்கள் வந்தன. பக்கம் காலியாக இல்லை. வரைபடமும் அழகாகவே இருந்தது. வகுப்பில் படைத்தபோது, சிக்கில் உறவினர் உள்ள ஒரு மாணவி, “சார், அந்த வாரம் அங்கே வெள்ளம் வந்ததே, இவ்வளவு குறைவாகவா மழை பெய்தது?” என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. காலிப் பக்கத்தைவிடத் தவறான பக்கமே ஆபத்தானது. காலியாக இருந்தால் ஐயமாவது வரும்.

இதற்குத் தீர்வு, ஒவ்வொன்றுக்கும் மாறாத குறியீடு ஒன்றைக் கொடுப்பது. நீங்கள் அறிந்த எடுத்துக்காட்டு, அலோர் ஸ்டார் சுல்தான் அப்துல் ஹலிம் விமான நிலையத்தின் குறியீடு AOR. நகரின் பெயர் Star என்றாலும் Setar என்றாலும், பயணப் பெட்டியில் ஒட்டும் சீட்டில் AOR தான்.

நம் அட்டவணையில் பழைய பதினொரு மாவட்டங்களுக்கு D01 முதல் D11 வரை கொடுப்போம். சிக் D10, யான் D11. புதிதாக வந்த பொக்கோக் சேனாவுக்கு, அகர வரிசையில் அதன் இடம் எதுவானாலும், D12. திரையில் பெயர்கள் அகர வரிசையில் தெரியட்டும். இணைப்பு மட்டும் குறியீட்டைப் பிடித்துக்கொள்ளட்டும்:

```
?filter=Daerah/Kod eq 'D10'
```

இதில் இரண்டு விதிகளை மீறக்கூடாது. குறியீட்டை மென்பொருள் தானாகப் போடக்கூடாது. ஒருமுறை கையால் எழுதி, தனி அட்டவணையில் காக்க வேண்டும். நீக்கப்பட்ட ஒன்றின் குறியீட்டை வேறொன்றுக்குத் திரும்பக் கொடுக்கவும் கூடாது.

அரசாங்கத்திடமிருந்து வரும் தரவில் உங்கள் குறியீடு இருக்காது, பெயர்தான் இருக்கும். அதனால் இன்னொரு சிறிய அட்டவணை தேவை. ஊர்களுக்கும் இதே முறையில் குறியீடு கொடுத்து, அதில் Alor Star, Alor Setar ஆகிய இரண்டு பெயர்களுக்கும் எதிரே ஒரே ஊர்க் குறியீட்டை எழுதுங்கள். எந்தப் பெயரில் தரவு வந்தாலும் அது சரியான இடத்தில் சேரும்.

புதிய தரவை ஏற்றியதும் எப்படிச் சோதிப்பது? எக்செல்லில் பழைய பட்டியலை ஒரு தாளிலும், புதியதை Baharu என்ற தாளிலும் வையுங்கள். இரண்டிலும் A பத்தியில் எண் அல்லது குறியீடு, B பத்தியில் பெயர். பழைய தாளில் C, D பத்திகளில் முறையே இவற்றை எழுதுங்கள்:

```
=COUNTIF(Baharu!A:A,A2)
=VLOOKUP(A2,Baharu!A:B,2,FALSE)
```

முதல் வரி, பழைய எண் புதிய பட்டியலில் எத்தனை முறை உள்ளது என்று எண்ணும். 0 வந்தால் அந்த இணைப்பு அறுந்துவிட்டது. 2 வந்தால் ஒரே எண் இருவருக்குப் போயிருக்கிறது. ஆனால் என் மாணவர்களின் தவறை இந்த வரி பிடித்திருக்காது. 10 என்ற எண் இரண்டு பட்டியலிலும் இருந்ததால் 1 என்றே காட்டியிருக்கும். இரண்டாவது வரிதான் அதைப் பிடிக்கும். B-இல் Sik, D-இல் Pokok Sena என்று பக்கத்துப் பக்கத்தில் தெரியும். பெயர் வேறுபட்டால், அது பெயர் மாற்றமா, ஆள் மாற்றமா என்பதை நீங்கள்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் குறியீட்டாலும் காப்பாற்ற முடியாது. கோத்தா ஸ்டாரை எண்ணிப் பாருங்கள். அதன் பெயர் மாறவில்லை, D03 என்ற குறியீடும் மாறவில்லை, இணைப்பும் சரியாகத் திறக்கும். ஆனால் பொக்கோக் சேனா பிரிந்த பிறகு அதன் பரப்பு குறைந்துவிட்டது. பழைய மக்கள்தொகையையும் புதியதையும் ஒரே கோட்டில் வரைந்தால், மக்கள் திடீரென ஊரைவிட்டுப் போனது போல் தோன்றும். அந்த இடத்தில் வரைபடத்தின் கீழே ஒரு குறிப்பு எழுத வேண்டும், அல்லது இரண்டு மாவட்டங்களையும் கூட்டிப் பழையதோடு ஒப்பிட வேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்: கெடாவின் பன்னிரண்டு மாவட்டங்களையும் அகர வரிசையில் எழுதி எண் கொடுங்கள். பிறகு Pokok Sena-வை நீக்கி மீண்டும் எண் கொடுங்கள். எத்தனை மாவட்டங்களின் எண் மாறியது? அத்தனை இணைப்புகளும் பொய் சொல்லும் இணைப்புகள்.