டிஸ்ப்ளே மாற்றும் முன்

கேள்வி: என் போனில் அமோலெட் டிஸ்ப்ளே உடைந்துவிட்டது. கடையில் ஒரிஜினல் ஒரு விலை, காப்பி அதில் பாதிக்கும் குறைவு என்கிறார்கள். எதைப் போடலாம்?
– வாசகர், திருச்சி

பதில்: அந்தக் காப்பி எல்சிடியா, ஓலெட்டா என்று முதலில் கேளுங்கள். அமோலெட் போனுக்கு வரும் மலிவான காப்பிகள் பெரும்பாலும் எல்சிடிதான். அதில் பின்னாலிருந்து விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரியும். வெயிலில் எழுத்து மங்கும். திரைக்கடியில் கைரேகை சென்சார் உள்ள போனாக இருந்தால், எல்சிடி போட்டதும் அது வேலை செய்யாது. ஓலெட் காப்பியில் கறுப்பு சரியாக இருக்கும். ஆனால் வெள்ளையில் நீலமோ பச்சையோ கலந்து தெரியலாம்.

எதை வாங்கினாலும், பசை போட்டு ஒட்டும் முன் கேபிளை மட்டும் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். முழுக் கறுப்புப் படத்தை வைத்து, கையால் வெளிச்சத்தை மறைத்துப் பாருங்கள். பிறகு ஒரு ஐகானை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் திரை முழுக்க, குறிப்பாக ஓரங்களில், மெதுவாக இழுங்கள். நடுவில் ஐகான் கைவிட்டு விழுந்தால் அந்த இடத்தில் டச் சரியில்லை. வேறு பேனல் கேளுங்கள். ஒட்டிவிட்டால் பல கடைகளில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

இன்னும் இரண்டு வருடம் வைத்திருக்கப்போகும் போன் என்றால் ஒரிஜினலே போடுங்கள். சில மாதத்தில் மாற்றப்போகிறீர்கள் என்றால் ஓலெட் காப்பி போதும். அமோலெட் போனுக்கு எல்சிடி வேண்டாம்.