பயிற்சி வகுப்பில் முதல் இருபது நிமிடம்

உழவர் மன்றம் இருக்கும் ஊர்களில் அனுபவமுள்ள விவசாயிகளே மற்றவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்துவது உண்டு. வருகிறவர்கள் ஒரு நாள் கூலியையும் வேலையையும் விட்டுவிட்டு வருகிறார்கள். அவரவர் தேடி வந்த விஷயம் கிடைக்காவிட்டால் அடுத்த முறை வரமாட்டார்கள். ஆகையால் பாடத்தைத் தொடங்குமுன், யார் எதற்காக வந்திருக்கிறார் என்று அறிந்துகொள்ள வேண்டும்.

வட்டமாக உட்கார வையுங்கள்

வரிசையாக உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் மட்டுமே பேசுவார். பாயையோ பெஞ்சையோ வட்டமாகப் போட்டு, பயிற்சியாளரும் அவர்களோடு உட்கார வேண்டும். முன்னதாகவே வந்து வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் வணக்கம் சொல்லி வரவேற்று, பெயரையும் ஊரையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் இரண்டு வார்த்தை பேசியவருக்குச் சபையில் கூச்சம் குறையும்.

எப்படிக் கேட்பது?

"என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்டால், "எல்லாம் தெரிந்துகொள்ள வந்தோம்" என்ற பதில்தான் வரும். அதனால் பயனில்லை. "போன பட்டத்தில் உங்களைச் சிரமப்படுத்தியது எது? இன்று வீட்டுக்குப் போகும்போது எந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்?" என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் போதும். பதினெட்டுப் பேர் என்றால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். சொல்வதை அவரவர் வார்த்தையிலேயே பெரிய தாளில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள்.

இடையில் பதில் சொல்லத் தொடங்கக் கூடாது. முதல் கேள்விக்கே விளக்கம் சொன்னால் அரை மணி நேரம் போய்விடும். கடைசியில் இருப்பவருக்கு வாய்ப்பே வராது.

ஓர் உதாரணம்

நெல் விதை நேர்த்திப் பயிற்சிக்குப் பதினெட்டுப் பேர் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். உப்புக் கரைசலில் விதை தேர்வு செய்வதை முதலில் காட்டுவதாகத் திட்டம். ஊர்ப் பெரியவர் ஒருவர் முதலில் பேசி, "குலைநோய்க்கு மருந்து வேண்டும்" என்கிறார். அடுத்த மூவரும் அதையே சொல்கிறார்கள். தொடர்ந்து மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னால், அவர்கள் முன்னால் பேசியவரை ஒட்டிப் பேசுகிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். அங்கேயே நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். பிறகு மறு கோடியிலிருந்து ஆரம்பியுங்கள். பெரியவரை ஒட்டிப் பேசிய மூவரையும் மறுபடி கேளுங்கள்.

இப்போது ஓரத்தில் இருந்த அம்மா ஒருவர் சொல்கிறார்: "சொந்த விதைதான். போன தடவை பாதிக்கு மேல் முளைக்கவில்லை. இன்னும் பத்து நாளில் நாற்றங்கால் விட வேண்டும்." அவர் சொன்னதும் மற்றவர்களும் வாய் திறக்கிறார்கள். முடிவில் தாளில் இருப்பது: முளைப்புக் குறைவு ஏழு பேர், குலைநோய் ஐந்து, நடவுக் கூலி மூன்று, பயிர்க் கடன் இரண்டு, "சும்மா கேட்க வந்தேன்" ஒருவர்.

இனி வரிசையை மாற்ற வேண்டும். முதல் பாடம் முளைப்புச் சோதனை. நூறு விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, காயாமல் வைத்திருந்து, ஒரு வாரம் கழித்து நல்ல முளைகளை எண்ண வேண்டும். எண்பதுக்குக் குறைந்தால் அந்த விதையை நம்பக் கூடாது. இன்றே முடிவு தெரியாது. ஆனால் அந்த அம்மா இன்று மாலையே சாக்கை நனைத்தால், மாற்று விதை தேட அவருக்கு இரண்டு மூன்று நாள் மிஞ்சும். திட்டப்படியே பாடத்தைத் தொடங்கியிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

அடுத்தது உப்புக் கரைசல். பத்து லிட்டர் தண்ணீரில், நல்ல கோழிமுட்டை மேலே மிதக்கும் வரை உப்பைக் கரைத்து, விதையைப் போட்டு, மிதக்கும் பதரை நீக்க வேண்டும். மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசாவிட்டால் முளைப்புக் கெடும். பிறகு குலைநோய் கேட்டவர்களுக்காக, கிலோ விதைக்கு பத்து கிராம் சூடோமோனாஸ் கலந்து, ஒரு லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைக்கும் முறையைக் காட்டலாம். இது நோய் வராமல் தடுக்க உதவும். வயலில் முற்றிவிட்ட நோயைத் தீர்க்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முடியாததைச் சொல்லிவிடுங்கள்

கடனும் நடவுக் கூலியும் இன்றைய பாடத்தில் அடங்கா. "கடனுக்குக் கூட்டுறவுச் சங்கச் செயலாளரைப் பாருங்கள், கூலிச் செலவு பற்றி இன்னொரு நாள் பேசுவோம்" என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். மழுப்பினால் அவர்கள் மாலை வரை காத்திருந்து ஏமாறுவார்கள். "சும்மா வந்தேன்" என்றவரை வற்புறுத்த வேண்டாம். மதிய உணவின்போது தனியாக விசாரித்தால் அவர் காரியமும் தெரியலாம்.

மாலையில் கலையுமுன் அதே தாளை எடுத்து ஒவ்வொரு வரியாக வாசித்து, "உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்ததா?" என்று உரியவரைக் கேளுங்கள். கிடைத்ததைக் கோடிட்டு அடியுங்கள். கோடு விழாமல் எஞ்சி நிற்பவைதான் அடுத்த கூட்டத்துக்கான பாடம்.