உருப்பெருக்கியின் திறனும் வேலைத் தூரமும்

சித்தூர் மாவட்டத்திலும், 2022-இல் உருவான திருப்பதி மாவட்டத்திலும் நகை செய்வோர், பூத்தையல் செய்வோர், கைப்பேசி பழுதுபார்ப்போர் ஆகியோரின் நுண்ணிய வேலைக்குத் தலைப்பட்டை உருப்பெருக்கி உதவுகிறது. ஆனால் மிகப் பெரிதாகக் காட்டுவதே சிறந்தது எனக் கருதி வாங்கினால் அது பயன்படாமற்போகக்கூடும்.

வில்லையின் திறன் டயாப்டரில் குறிக்கப்படுகிறது. 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால், பொருள் தெளிவாகத் தெரியும் தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 4 டயாப்டர் வில்லைக்கு அது 25 செ.மீ.; 10 டயாப்டருக்கோ 10 செ.மீ. மட்டுமே.

கைப்பேசிப் பலகையில் பற்றவைப்பவர் 10 டயாப்டர் வில்லையை அணிந்தால், சால்டரிங் அயர்னைப் பிடிக்க இடம் இராது. புகை முகத்தில் படும். குனிந்தே இருப்பதால் கழுத்து வலிக்கும். பார்வைப் பரப்பும் குறுகிவிடும். அவருக்கு 4 டயாப்டரே ஏற்றது. சட்டத்தில் துணியை 40 செ.மீ. தொலைவில் வைத்துத் தைப்பவருக்கு 2.5 டயாப்டர் போதும். 15 செ.மீ. அருகில் கல் பதிப்பவருக்கு ஏறத்தாழ 7 டயாப்டர் தேவை.

வெள்ளெழுத்துக் கண்ணாடியின் மேல் அணிந்தால் இரு திறன்களும் கூடும். 2 டயாப்டர் கண்ணாடியுடன் 4 டயாப்டர் வில்லை சேர்ந்தால் தூரம் 25-லிருந்து சுமார் 17 செ.மீ.-ஆகக் குறையும்.

ஆகவே, வழக்கம்போல் நிமிர்ந்து அமர்ந்து, கண்ணிலிருந்து வேலைப் பொருள் வரை நாடாவால் அளந்து, 100-ஐ அத்தூரத்தால் வகுத்த பின்னரே வில்லையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.